வட்டி, குட்டி, பேரக்குட்டி

குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அக்கா மகள் ஒரு மாலையில் பயிற்சிப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். திறந்த பக்கத்தில், பென்சிலால் வட்டமிட்ட கேள்வி இது:

‘ரூ.8,000-க்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. ஒன்றரை ஆண்டுக்குக் கூட்டு வட்டி எவ்வளவு?’

விடைகள்: (அ) ரூ.1,200 (ஆ) ரூ.1,240 (இ) ரூ.1,261 (ஈ) ரூ.1,277.55.

“மாமா, நான் மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் வேற வேற விடை வந்துச்சு. ஆனா மூணுமே இதுல இருக்கு. அதான் எரிச்சலா இருக்கு” என்றாள்.

அவள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. கண்டபடி தவறு செய்தால், வந்த விடை கொடுத்த நான்கில் இருக்காது. உடனே விழித்துக்கொண்டு திரும்பப் போட்டுப் பார்ப்போம். இந்த வகைக் கேள்வியில் அந்த எச்சரிக்கை மணி அடிக்காது. கேள்வி எடுத்தவர் நாம் எந்தெந்த வழியில் சறுக்குவோம் என்று முன்கூட்டியே நடந்து பார்த்து, ஒவ்வொரு வழியின் முடிவிலும் ஒரு விடையை வைத்திருக்கிறார். கையில் கால்குலேட்டர் இல்லை. 3 மணி நேரத்தில் 200 கேள்வி. தான் போட்ட விடை பட்டியலில் இருப்பதைப் பார்த்ததும் நிம்மதியாக வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

பல வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்பதால் இந்தக் கணக்கை நான் சூத்திரத்தில் ஆரம்பிப்பதில்லை. ஊரில் சொல்லும் ஒரு பேச்சில் ஆரம்பிப்பேன். கடன் பெருகிவிட்டால் “வட்டி குட்டி போட்டுடுச்சு” என்போமே, அதில்தான். கூட்டு வட்டி என்றாலே அதுதான். அசல் போடுவது வட்டி. அந்த வட்டி போடுவது குட்டி. அந்தக் குட்டி போடுவது பேரக்குட்டி. தனிவட்டியில் வட்டி மட்டும் பிறக்கும், அது குட்டி போடாது. மேலே உள்ள நான்கு விடைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எல்லாமே எத்தனை குட்டி, எத்தனை பேரக்குட்டி என்பதில்தான் இருக்கிறது.

முதலில் குட்டியே இல்லாத கணக்கு. 8,000-க்கு ஆண்டுக்கு 800, ஒன்றரை ஆண்டுக்கு 1,200. இது தனிவட்டி, (அ) விடை. மற்ற மூன்று விடைகளுக்குள்ளும் இந்த 1,200 அப்படியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அசல் அதே, வீதம் அதே, காலம் அதே. எத்தனை முறை வட்டி கட்டினாலும் அசல் நேரடியாகப் போடும் வட்டி 1,200-தான். அதற்கு மேலே உள்ள 40, 61, 77.55 ஆகியவைதான் குட்டிகளின் கணக்கு.

இப்போது கேள்வி கேட்டபடியே அரையாண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு 10 என்றால் அரையாண்டுக்கு 5. ஒன்றரை ஆண்டில் மூன்று அரையாண்டுகள். ஒவ்வொரு அரையாண்டின் முடிவிலும் அசல் 400 ரூபாய் வட்டி போடுகிறது. முதல் 400-க்கு முன்னால் இன்னும் இரண்டு அரையாண்டுகள் மீதி இருக்கின்றன. அது இரண்டு குட்டி போடும். இரண்டாவது 400-க்கு ஓர் அரையாண்டு மீதி, ஒரு குட்டி. மூன்றாவது 400 பிறக்கும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது. ஆக மூன்று குட்டிகள். 400-க்கு 5 சதவீதம் என்பதால் ஒவ்வொரு குட்டியும் 20 ரூபாய், மொத்தம் 60. அந்த மூன்றில் ஒன்று, இரண்டாவது அரையாண்டின் முடிவிலேயே பிறந்துவிட்டது. அதற்கு இன்னும் ஓர் அரையாண்டு இருப்பதால் அது ஒரு பேரக்குட்டி போடும். 20-க்கு 5 சதவீதம், 1 ரூபாய்.

1,200-உம் 60-உம் 1-உம் சேர்ந்தால் 1,261. விடை (இ).

அந்தக் கடைசி ஒரு ரூபாயைப் பார்த்து அவள் சிரித்தாள். ஆனால் சில வினாத்தாள்களில் 1,260 என்ற விடையும் 1,261-க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். குட்டி வரை எண்ணிவிட்டுப் பேரக்குட்டியை மறந்தவருக்காக வைத்த விடை அது.

சரி, 1,240 எங்கிருந்து வந்தது? ‘அரையாண்டுக்கு ஒருமுறை’ என்ற சொற்களைக் கண் தாண்டிப் போய்விட்டால் வரும் விடை. ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கட்டினால், முதல் ஆண்டு முடிவில் 800. தொகை 8,800. அடுத்த அரையாண்டுக்கு அதில் 5 சதவீதம், 440. மொத்தம் 1,240. இதில் குட்டி 40 ரூபாய் மட்டும்தான். முதல் அரையாண்டில் சேர்ந்த 400 ரூபாய், ஆண்டு முடியும்வரை கணக்கில் ஏறாமல் தூங்குகிறது. அரையாண்டு முறையில் அதே 400 விழித்துக்கொண்டு இரண்டாவது அரையாண்டில் ஒரு 20-ஐப் போட்டுவிடுகிறது, அந்த 20 பிறகு ஒரு ரூபாயைப் போடுகிறது. (ஆ)-வுக்கும் (இ)-க்கும் நடுவே உள்ள 21 ரூபாய் அதுதான்.

காலாண்டு முறையில் வருவது (ஈ). வீதம் 2.5, காலாண்டுகள் ஆறு. ஒவ்வொரு காலாண்டிலும் வட்டி 200. முதல் 200 ஐந்து குட்டி போடும், அடுத்தது நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் 15 குட்டிகள். ஒவ்வொன்றும் 200-க்கு இரண்டரை சதவீதம், அதாவது 5 ரூபாய். ஆக 75. பேரக்குட்டிகள் இதேபோல எண்ணினால் 20 வரும், ஒவ்வொன்றும் பன்னிரண்டரைப் பைசா, மொத்தம் இரண்டரை ரூபாய். கொள்ளுப்பேரன்மார் எல்லாரும் சேர்ந்து ஐந்து பைசாவைக்கூட எட்டவில்லை. கூட்டினால் 1,277.55. ஆறு முறை 1.025-ஐப் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தேர்வறையில் கை வலிக்கும். இப்படி எண்ணினால் ஒரு விரல் நீளத் தாளில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் அவளிடம் நான் ஒன்றைக் கேட்டேன். “ஏன் 8,000? ஏன் 10,000 கொடுக்கலை?”

கேள்வி எடுப்பவர்களும் மனிதர்கள்தான். விடை பைசா இல்லாமல் முழு ரூபாயாக வர வேண்டும் என்று விரும்புவார்கள். 5 சதவீதம் கூடுவது என்றால் 20 பங்கு 21 பங்காவது. அது மூன்று முறை நடந்தால் 20-ஐ மூன்று முறை பெருக்கிய எண்ணால் அசல் வகுபட வேண்டும். 20 × 20 × 20 = 8,000. முடிவில் வரும் தொகை 21 × 21 × 21 = 9,261. அசலைக் கழித்தால் 1,261. அசலைப் பார்த்தவுடனே, இது 5 சதவீதம் மூன்று முறை என்று எழுதப்பட்ட கேள்வி என்பது தெரிந்துவிடுகிறது. இதே 10 சதவீதத்துக்கு அசல் 64,000 என்றும் காலம் 9 மாதம் என்றும் கொடுத்திருந்தால், காலாண்டுக் கணக்கு என்று சந்தேகப்படலாம். இரண்டரை சதவீதம் என்பது 40 பங்கு 41 ஆவது, 64,000 என்பது 40-இன் கனம். தொகை 68,921, வட்டி 4,921. வட்டி 4,800, குட்டி 120, பேரக்குட்டி 1 என்று பிரித்தாலும் அதே விடை வரும்.

இது சாட்சி மட்டும்தான், தீர்ப்பு இல்லை. கேள்வியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் அசலை வைத்து மட்டும் ஊகித்தால், அதற்கும் ஒரு பொறி வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். போட்டு முடித்த விடை வட்டமான அசலுக்குப் பைசாவோடு வந்தால், கால அளவைத் தவறவிட்டோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க உதவும். அவ்வளவே. எங்கள் கேள்வியில் (ஈ) மட்டும் பைசாவோடு நிற்பதைக் கவனித்தீர்களா?

கால்குலேட்டர் தெரிந்த பிள்ளைகள் விழும் குழி வேறு. அக்கா மகளின் தோழி ஒருத்தி, பொறியியல் படித்தவள், ஆண்டு முறைக்கு 1,240 என்பதே தவறு என்று வாதாடினாளாம். 1.1-இன் ஒன்றரை அடுக்கு எடுத்தால் தொகை 9,229.52, வட்டி 1,229.52தானே வருகிறது என்று. அவள் கைபேசி பொய் சொல்லவில்லை. வட்டி ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் குட்டி போட்டு, ஆண்டு முடிவில் சரியாக 10 சதவீதம் வளர்ந்திருக்க வேண்டும் என்று வைத்தால் அப்படித்தான் வரும். ஆனால் எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் ‘வாழ்வியல் கணிதம்’ பாடம் வேறு வழக்கத்தைச் சொல்கிறது. முழு ஆண்டுகளுக்குக் கூட்டு வட்டி, மீதமிருக்கும் பின்ன ஆண்டுக்கு, அதுவரை சேர்ந்த தொகையின்மேல் தனிவட்டி. அந்த வழக்கப்படி 1,240. பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுக்கு அதுவே சரி. எந்த வழக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்குப் பாடப்புத்தக வழக்கம்தான் பிடிக்கும். பாதி ஆண்டில் பணத்தை எடுப்பவருக்குப் பத்தரை ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதே!

வட்டி கட்டும் கால அளவு குறையக் குறையத் தொகை ஏறிக்கொண்டே போகும் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். எவ்வளவு தூரம் ஏறும்? நம் 8,000-க்கு மாதாமாதம் வட்டி கட்டினால் 1,288.90. நாள்தோறும் கட்டினால் 1,294-ஐச் சற்றே தாண்டும். மணிக்கு மணி, நொடிக்கு நொடி என்று போனாலும் 1,294.67-ஐத் தாண்டாது. குட்டிகளின் எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு குட்டியும் சிறுத்துக்கொண்டே போகிறது. 1683-ல் சுவிட்சர்லாந்தின் கணித மேதை யாக்கோப் பெர்னூலி இதே கேள்வியைத்தான் ஆராய்ந்தார். ஒரு நாணயத்துக்கு ஆண்டுக்கு 100 சதவீத வட்டி என்றால் ஆண்டு முடிவில் 2 நாணயம். அரையாண்டுக்கு ஒருமுறை என்றால் 2.25. காலாண்டு என்றால் 2.44. எவ்வளவு பொடிப்பொடியாக நறுக்கினாலும் 2.718 என்ற இடத்தில் சுவர் வந்துவிடுகிறது. பிற்காலத்தில் e என்ற எழுத்தைப் பெயராகப் பெற்று, கணிதத்தின் மிக முக்கியமான எண்களில் ஒன்றானது அது. பிறந்தது வட்டிக் கணக்கில்.

தேர்வுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. தனிவட்டி, ஆண்டு, அரையாண்டு, காலாண்டு, மாதம் என்ற வரிசையில் விடைகள் ஏறித்தான் ஆக வேண்டும். கேள்வி அரையாண்டு என்று சொல்லும்போது, நாம் போட்ட விடைதான் நான்கிலும் பெரியது என்றால் ஒருமுறை சந்தேகப்படலாம். பெரும்பாலும் காலாண்டு விடையும் பக்கத்தில் இருக்கும்.

சில கேள்விகள் தலைகீழாக வரும். ‘ஒரு தொகைக்கு 10 சதவீத வீதத்தில், ஓர் ஆண்டில், அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிட்ட கூட்டு வட்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டதற்கும் வித்தியாசம் ரூ.20. தொகை எவ்வளவு?’ சூத்திரத்தை இருபுறமும் எழுதி x போட்டுக்கொண்டு போனால் அரைப்பக்கம் ஆகும். குட்டிக் கணக்கில் ஒரே வரி. ஓர் ஆண்டில் ஒரே ஒரு குட்டிதான் பிறக்க முடியும். முதல் அரையாண்டு வட்டி இரண்டாவது அரையாண்டில் போட்ட குட்டி அது. அதன் மதிப்பு 20 ரூபாய். குட்டி 20 என்றால், 5 சதவீதத்தில் அதைப் போட்ட வட்டி 400. வட்டி 400 என்றால் அசல் 8,000. எழுந்து நடந்த வழியிலேயே திரும்பி வந்தோம்.

படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு சொல் சிக்கலும் உண்டு. ‘ஆண்டுக்கு 10 சதவீதம், அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படும்’ என்பது ஒன்று. ‘அரையாண்டுக்கு 10 சதவீதம்’ என்பது வேறு. முன்னதில் வீதத்தைப் பாதியாக்க வேண்டும், பின்னதில் கூடாது. பின்னது என்றால் 10 சதவீதம் மூன்று முறை, வட்டி 2,648. கால அளவைப் பற்றிக் கேள்வி எதுவுமே சொல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை என்றே கொள்வது வழக்கம்.

இவ்வளவும் தேர்வுத்தாளில் மட்டும் நடக்கும் சில்லறைச் சண்டை என்று நினைத்தால், தபால் நிலையத்துக்கு ஒருமுறை போய் வரலாம். 2023 ஏப்ரலில் ஐந்தாண்டு தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு 7.7 சதவீதமும், ஐந்தாண்டு வைப்புக் கணக்குக்கு 7.5 சதவீதமும் அறிவிக்கப்பட்டன. எது அதிகம் என்று கேட்டால் எல்லாரும் முதலாவதைக் கைகாட்டுவார்கள். ஆனால் சேமிப்புப் பத்திரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி கட்டப்படுகிறது. வைப்புக் கணக்கில் காலாண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டு, ஆண்டு முடிவில் கையில் கொடுக்கிறார்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு முதல் ஆண்டில் பத்திரம் தருவது 7,700. வைப்புக் கணக்கு தருவது 7,714. காலாண்டுக் குட்டிகள் அந்த 0.2 சதவீத வித்தியாசத்தை மூடிவிட்டு, மேலே 14 ரூபாயும் வைத்துவிட்டன.

அதற்காக வைப்புக் கணக்கே மேல் என்று ஓடிவிட வேண்டாம். அங்கே ஆண்டு வட்டி வெளியே வந்துவிடுகிறது. எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்தாலும் அந்தப் பணத்துக்கு மேற்கொண்டு வட்டி கிடையாது. அதாவது குட்டி போடுவது ஆண்டுக்குள் மட்டும்தான். பத்திரத்தில் ஆண்டு வட்டி உள்ளேயே தங்கி ஐந்து ஆண்டும் குட்டி போட்டு, ஒரு லட்சம் ஏறத்தாழ 1,44,900 ஆகத் திரும்பும். வைப்புக் கணக்கில் ஐந்து ஆண்டு வட்டியைக் கூட்டினால் 38,570 அளவில்தான் நிற்கும். வருடா வருடம் செலவுக்குப் பணம் வேண்டியவருக்கு ஒன்று, தொடாமல் விடக்கூடியவருக்கு இன்னொன்று. கவுண்டரில் நான் பார்த்தவரை, சதவீதத்தைக் கேட்டவர்கள் நூறு பேர் என்றால் ‘எத்தனை மாசத்துக்கு ஒருதரம் கட்டுவீங்க, வட்டி உள்ளயே இருக்குமா’ என்று கேட்டவர்கள் ஓரிருவர்.

ஊர்க் கடனில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். கால அளவு பெயரிலேயே இருக்கும். “ரெண்டு வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கிக்காரர் சதவீதம் என்றால் ஆண்டு, ஊரில் வட்டி என்றால் மாதம். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த மிகை வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று தடுக்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டது. அதில் சிலவற்றின் பெயரே கடிகாரத்தைக் காட்டுகிறது.

அக்கா மகள் கிளம்பும்போது இன்னொரு கணக்கைப் போட்டாள், புத்தகத்தில் இல்லாதது. அவர்கள் தெருவில் ஒருவர் அஞ்சு வட்டிக்கு 8,000 வாங்கி, மூன்று மாதம் வட்டி கட்டவில்லை. கட்டாத வட்டியை மாதாமாதம் அசலோடு சேர்த்தாயிற்று. புத்தகத்து ஓரத்தில் 400, 400, 400 என்று எழுதி, கீழே மூன்று 20, அதற்கும் கீழே ஒரு 1 எழுதினாள்.

“இதுவும் 1,261தான் மாமா” என்றாள். “ஆனா ஒன்றரை வருஷம் இல்ல. மூணே மாசம்.”